அடுத்த ஆண்டை முதலில் வாசிக்கிறவர்கள்

சிவகாசியில் காலண்டர் அச்சடிக்கிற நமக்கு ஆண்டு முடிவது டிசம்பர் 31 நள்ளிரவில் இல்லை. கடைசி பார்சலுக்கு லேபிள் ஒட்டி, லாரி ஷெட்டுக்கு ஆட்டோ கிளம்பிவிட்டதென்றால் நம் ஆண்டு முடிந்துவிட்டது. இந்த வாரம் அது முடிந்தது. குடோனில் தரை தெரிகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கே வீட்டுக்குப் போகிறோம். நன்றி சொல்ல இதைவிட நல்ல நேரம் கிடையாது.

2025இல் நம் வேலை ஆடிப்பெருக்கன்று சூடு பிடித்தது. ஆகஸ்டு 3, ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் சாமி கும்பிட்டு 2026க்கான ஆல்பத்தை வெளியிட்டோம். வெளியூர் ஏஜெண்டுகள் ஒவ்வொரு அட்டையாகப் புரட்டி, முருகன் படத்தில் கோல்டு ஃபாயில் எவ்வளவு மினுங்குகிறது என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்கள். அன்றிலிருந்து நம் வாயில் 2026தான். தீபாவளிக்குத் துணி எடுக்கப் போன கடையில்கூட நம்மில் ஒருவர் பேச்சுவாக்கில் அடுத்த ஆண்டு தேதியைச் சொல்லி, கடைக்காரர் விழித்ததை அந்த வாரம் முழுக்கச் சொல்லிச் சிரித்தோம்.

யாருக்கு எதற்காக நன்றி சொல்ல வேண்டும் என்று யோசித்தபோது, ஒரே ஒரு தேதித் தாளின் பின்னால் நடந்து போனால் போதும் என்று தோன்றியது. உள்ளங்கை அகலத் தாள். காலையில் ஒருவர் அதைப் பார்ப்பது அரை நிமிடம் இருக்கும். மறுநாள் கிழித்துவிடுவார். அந்த அரை நிமிடத்துக்காக அது எத்தனை பேர் கண்ணையும் கையையும் கடந்து போகிறது என்பது நம் வீட்டாருக்கே முழுதாகத் தெரியாது.

முதல் நன்றி பஞ்சாங்கம் கணித்துக் கொடுக்கும் பெரியவருக்கு. ஆங்கில ஆண்டு ஒன்றுதான். ஆனால் அதற்குள் தமிழ் ஆண்டு இரண்டு வந்துவிடும். 2026 ஏப்ரல் 13 வரை விசுவாவசு. 14ஆம் தேதி செவ்வாய்க்கிழமை பராபவ பிறக்கிறது. ஊரில் மற்றவர்களுக்குப் புதுப் பஞ்சாங்கம் பங்குனியில் கையில் கிடைத்தால் போதும். நமக்கோ முந்தின ஆடிக்கு முன்பே பராபவ ஆண்டின் மார்கழி வரை நாழிகை சுத்தமாக வேண்டும். பெரியவர் இந்த ஆண்டும் சொன்ன நாளில் கொடுத்தார். போன் செய்து, "சார், ஆவணியில ஒரு திதி ரெண்டு நாள் காலையிலயும் நிக்கும். தப்புன்னு நினைச்சு மாத்திடாதீங்க" என்று முன்கூட்டியே எச்சரித்தார். திதி ஒன்றின் நீளம் ஏறத்தாழ 19 மணியிலிருந்து 26 மணி வரை போகும். அதனால் சில திதி இரண்டு சூரிய உதயத்தைத் தொடும். சில திதி எந்த உதயத்தையும் தொடாமலே ஓடிவிடும். இதைத் தெரியாதவர் பார்த்தால் ஒரு வரி விட்டுப்போனதாகவோ இரட்டித்ததாகவோ நினைத்துத் திருத்தக் கை வைப்பார். அப்படி ஒரு கை படாமல் காத்தது அந்தப் போன்.

அடுத்தது நம் புரூப் மேஜை. தாளில் வருகிற விவரங்களை நாம் இரண்டு வகையாகப் பிரித்துக்கொள்கிறோம். கிழமையோடு நிற்பவை ஒரு வகை, சந்திரனோடு நகர்பவை இன்னொரு வகை. ராகு காலம், எமகண்டம், குளிகை, சூலம், பரிகாரம் இவை கிழமையைப் பிடித்துக்கொண்டிருப்பவை. இவற்றைத் தேதி வரிசையில் படித்துக்கொண்டு போனால் கண் பழகி, தவறையும் சரியென்று தாண்டிவிடும். ஆகவே இந்த முறை திங்கட்கிழமைகளை எல்லாம் தனியே உருவி ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தோம். ராகு காலம் 7.30–9, எமகண்டம் 10.30–12, குளிகை 1.30–3, சூலம் கிழக்கு, பரிகாரம் தயிர். வருஷம் முழுக்க இது மாறவே கூடாது. ஐம்பத்திரண்டு வரியும் ஒரே மாதிரி இருக்கும்போது, ஒரு வரியில் கிழக்கு மேற்காகிக் கிடந்தால் அது தானே எழுந்து நிற்கும். 2026 வியாழக்கிழமை பிறந்து வியாழக்கிழமையே முடிகிறது. அதனால் வியாழன் மட்டும் 53. அந்தப் பட்டியலில் ஒரு வரி கூடுதலாக இருக்கிறதே என்று முதல் நாளே சந்தேகப்பட்டு, பிறகு ஆண்டின் கடைசித் தாளைக் காட்டித் தானே விடையும் சொன்ன நம் புதுத் தம்பியை இங்கே பாராட்டியாக வேண்டும். வந்து சேர்ந்து சில வாரம்கூட ஆகவில்லை. சந்தேகப்படத் தெரிந்தவர்தான் புரூப் மேஜைக்கு வேண்டும்.

நகர்கிற வகைதான் கடினம். திதி, நட்சத்திரம், யோகம், சந்திராஷ்டமம் எதுவும் போன வாரத்தைப்போல் இந்த வாரம் இருக்காது. பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பார்க்க இன்னொரு திங்கட்கிழமை கிடையாது. ஆனால் ஒரு விவரம் இன்னொன்றுக்குச் சாட்சி சொல்லும். பௌர்ணமியன்று பூசமோ அதன் அண்டை நட்சத்திரமோ வந்தால் தை மாதம். மகத்தின் பக்கம் வந்தால் மாசி. விசாகத்தின் பக்கம் வந்தால் வைகாசி. மாதப் பெயரும் பௌர்ணமி நட்சத்திரமும் வெகுதூரம் விலகினால் எங்கேயோ தாள் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த ஆண்டு நம்மை உண்மையிலேயே காப்பாற்றியது சந்திராஷ்டம வரியில் நடந்த ஒரு விஷயம். அதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், அடுத்த ஆண்டு சேரப் போகிறவர்களுக்கும் பயன்படும்.

ஒருவருடைய ராசியிலிருந்து எண்ணி எட்டாவது ராசியில் சந்திரன் இருக்கும் நாள் அவருக்குச் சந்திராஷ்டமம். சந்திரன் ஒரு ராசியில் ஏறத்தாழ இரண்டேகால் நாள் தங்குகிறது. ஆகவே தாளில் ஒரே ராசியின் பெயர் இரண்டு நாளோ மூன்று நாளோ தொடர்ந்து வரும். ஒரு மாதத்துக் கோப்பில் நடுவே ஒரு கட்டம் அழிந்து, அதற்குக் கீழே இருந்த சந்திராஷ்டமப் பெயர்கள் எல்லாம் ஒரு வரி மேலே ஏறிவிட்டன. நாளைக்குரிய பெயர் இன்றைக்கு வந்துவிட்டது. கேட்டால் பெரிய தவறாகத் தெரிகிறது, இல்லையா? ஆனால் புரூப்பில் அது ஒளிந்துகொள்ளும். இன்றும் நாளையும் ஒரே ராசி என்றால், ஒரு வரி ஏறினாலும் பெயர் சரியாகவே இருக்கும். ராசி மாறுகிற நாளில் மட்டும்தான் தவறு தலைகாட்டும். அந்த நாளிலும் பெரும்பாலும் ஒரு நட்சத்திரமே இரண்டு ராசிக்குப் பங்காகிவிடும். கார்த்திகையின் முதல் பாதம் மேஷத்தில், மற்ற மூன்றும் ரிஷபத்தில். கார்த்திகை என்று போட்டிருக்கும் நாளில் எந்த ராசிப் பெயர் வந்தாலும் அதற்கு ஒரு நியாயம் சொல்லிவிடலாம்.

நம் புரூப் பிரிவில் மூத்த அக்கா இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார். இருபத்தேழு நட்சத்திரங்களில் மூன்று இடத்தில்தான் நட்சத்திரமும் ராசியும் ஒன்றாக முடிகின்றன. ஆயில்யம் முடிந்து மகம் தொடங்கும் இடம், கேட்டை முடிந்து மூலம் தொடங்கும் இடம், ரேவதி முடிந்து அசுவினி தொடங்கும் இடம். அந்த மூன்று இடத்திலும் சாக்குச் சொல்ல வழியில்லை. எந்த மாதத்துப் புரூப் வந்தாலும் அக்கா முதலில் இந்த மூன்று சந்திப்பைத் தேடிப் போவார். மற்ற நாட்களைப் பிறகுதான் தொடுவார்.

அன்றைக்கும் அப்படித்தான். ரேவதி நாளில் சந்திராஷ்டமம் கன்னி என்று இருந்தது. ரேவதி என்றால் சந்திரன் மீனத்தில் இருக்கிறது. மீனம் எட்டாவதாக வருவது சிம்மத்துக்கு. கன்னிக்கு எட்டாவது மேஷம். அது அசுவினி தொடங்கிய பிறகுதான் வரும். இங்கேயும் அக்கா அவசரப்படவில்லை. ரேவதி காலையிலேயே முடிந்து அசுவினி தொடங்குகிற நாளாக இருந்தால் கன்னி என்று போடுவதும் பொருந்தும். ஆகவே முடிவு நேரத்தைப் பார்த்தார். ரேவதி பின்னிரவு வரை நின்றது. பகல் முழுக்க மீனம்தான். "யப்பா, இங்க வந்து பாருங்க. சிம்மத்துக்காரங்க தப்பிச்சுட்டாங்க, கன்னிக்காரங்க ஒருநாள் முன்னாடியே மாட்டிக்கிட்டாங்க" என்று குரல் கொடுத்தார். உடனே அடுத்த ஆயில்யம்–மகம் சந்திப்பைப் பார்த்தோம். அங்கும் ஒரு நாள் முந்தி. முந்தின கேட்டை–மூலத்தில் சரியாக இருந்தது. அப்படியென்றால் கேட்டைக்கும் ரேவதிக்கும் நடுவில் எங்கேயோ ஒரு கட்டம் போயிருக்கிறது. தேட வேண்டிய இடம் ஒரு வாரத்துக்கும் பத்து நாளுக்கும் இடையில் சுருங்கிவிட்டது. டி.டி.பி. தம்பி கோப்பைத் திறந்து, அழிந்த கட்டத்தைக் கண்டுபிடித்து, வரிகளைக் கீழே இறக்கினார். மாதத்தின் மீதி முழுவதும் ஒரே அடியில் நேரானது.

மறுநாள் காலையில் அந்தக் கோப்பு பிளேட்டுக்குப் போவதாக இருந்தது. ஒரு பிளேட்டில் பல தேதிகள் சேர்ந்து ஏறும். பிளேட் மெஷினில் ஓடிய பிறகு தெரிந்திருந்தால் ரீம் ரீமாகத் தாள் பழைய பேப்பருக்குப் போயிருக்கும். அக்காவுக்கு அன்று சாயங்காலம் அலுவலகத்தில் எல்லோரும் சேர்ந்து பால்கோவா வாங்கிக் கொடுத்தோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் இருப்பதால் நமக்கு நன்றி சொல்ல எப்போதும் ஒரு நல்ல வழி உண்டு. ஆனாலும் பால்கோவாவோடு நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகவே இங்கே எழுதி வைக்கிறேன். அக்கா, சிம்ம ராசிக்காரர்கள் சார்பிலும் கன்னி ராசிக்காரர்கள் சார்பிலும் உங்களுக்கு நன்றி.

நேரங்களைப் பற்றி இன்னொரு வார்த்தை. வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதத்துக்கும் திதி, நட்சத்திர முடிவு நேரங்கள் வேறுபடும். இரண்டில் எதை எடுத்தாலும் ஜனவரி முதல் டிசம்பர் வரை அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். திதியை ஒன்றிலிருந்தும் நட்சத்திரத்தை இன்னொன்றிலிருந்தும் எடுத்தால் தாளுக்குள்ளேயே சாட்சிகள் சண்டையிடும். "பக்கத்து வீட்டுக் காலண்டர்ல வேற மணி போட்டிருக்கே" என்று கேட்டு வருகிற போன்களுக்கெல்லாம் ரிசப்ஷனில் இருக்கும் தங்கை இதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னார். ஒருவரிடமும் குரல் உயரவில்லை. ஒரு பாட்டி எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "நல்லா சொன்னே தாயி, உனக்கு எப்ப கல்யாணம்?" என்று முகூர்த்த நாளையும் விசாரித்துவிட்டுத்தான் வைத்தாராம்.

போன் என்றதும் தீபாவளி நினைவுக்கு வருகிறது. ஆகஸ்டு பிறந்தால் போதும், நம் எல்லோருடைய சொந்தக்காரர்களும் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: அடுத்த வருஷம் தீபாவளி என்ன கிழமை? இந்த முறை பதிலைச் சொல்லும்போதே நம் குரல் இறங்கியது. 2026 நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. பிப்ரவரி 1ஆம் தேதி தைப்பூசமும் ஞாயிறு. ஆகஸ்டு 15 சனிக்கிழமை. நாம் என்னவோ வேண்டுமென்றே விடுமுறையைத் தின்றுவிட்டதுபோல் மைத்துனர்கள் கோபித்துக்கொண்டார்கள். அவர்களைச் சமாதானப்படுத்தப் பொங்கலைக் கையில் எடுத்தோம். ஜனவரி 15 வியாழன், 16 வெள்ளி, 17 சனி, அதோடு ஞாயிறும் ஒட்டிக்கொள்கிறது.

கிழமையைவிட நல்ல கேள்வி ஒன்றை மெஷின் அண்ணாச்சியின் மகள் கேட்டாள். எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. 2025இல் தீபாவளி அக்டோபர் 20ஆம் தேதி வந்ததே, அடுத்த வருஷம் எப்படி நவம்பர் 8க்குப் போனது என்று கேட்டாள். அண்ணாச்சி அவளைப் புரூப் மேஜைக்கே அழைத்து வந்துவிட்டார். அக்கா ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் போட்டுக் காட்டினார். பன்னிரண்டு சந்திர மாதம் சேர்ந்தால் 354 நாள். நம் ஆண்டுக்கு 365. ஆகவே ஒரு தேய்பிறைச் சதுர்த்தசி அடுத்த ஆண்டு ஏறத்தாழ பதினொரு நாள் முந்தி வரும். அந்தக் கணக்கில் அக்டோபர் 20க்குப் பிறகு அக்டோபர் 9 பக்கம் வர வேண்டும். ஆனால் அப்போது புரட்டாசி முடிந்திருக்காது. தீபாவளி ஐப்பசியில் வருகிற தேய்பிறைச் சதுர்த்தசி. எனவே இன்னொரு சந்திர மாதம் காத்திருக்க வேண்டும். 2025இல் ஐப்பசி பிறந்த கையோடு வந்த தீபாவளி, 2026இல் ஐப்பசி இருபதைத் தாண்டி வருகிறது. "அப்ப அதுக்கு அடுத்த வருஷம் திரும்ப முன்னாடி வருமா அத்தை?" என்று கேட்டாள். வரும் என்றார் அக்கா. அந்தப் பிள்ளையின் முகத்தில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்த யாருக்கும் இந்த வேலை அலுக்காது.

விடுமுறை என்று நாம் சிவப்பில் போடுவதெல்லாம் அரசுப் பட்டியல் வந்தால்தான் உறுதியாகும். நவம்பரில் அது வரும். அதுவரை மெஷினைச் சும்மா நிறுத்த முடியாது. சந்தேகத்துக்கு இடமில்லாத தாள்கள் முன்னால் ஓடும். பிறை பார்த்து முடிவாகும் ரம்ஜான், பக்ரீத், மொகரம், மீலாது நபி இவற்றுக்கு அக்கம்பக்கத் தாள்கள் காத்திருக்கும். பட்டியல் வந்த மாலை, அதை ஒருவர் உரக்கப் படிக்க, ஒருவர் தாளைப் பார்க்க, மூன்றாமவர் டிக் அடிக்க, ஆபீஸில் பரீட்சை முடிவு வாசிப்பதுபோல் ஓர் அமைதி. ஒவ்வொரு டிக்குக்கும் பின்னாலிருந்து கைதட்டிய பைண்டிங் பிரிவுத் தோழர்களை மறக்க முடியாது.

மெஷின் ஹாலுக்கு வருவோம். நம் ஊர் வறண்ட ஊர். தீப்பெட்டியும் அதற்கான லேபிளும், லேபிளிலிருந்து அச்சும் இங்கே வேர்பிடித்ததில் இந்த வெயிலுக்கும் பங்கு உண்டு. ஆனால் நம் வேலை உச்சத்தில் இருக்கும் ஐப்பசி, கார்த்திகையில்தான் வடகிழக்குப் பருவமழை. காற்றில் ஈரம் ஏறினால் தாள் அதை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய தாள் துளி விரியும், அதுவும் நார் ஓடும் வாக்குக்குக் குறுக்கே அதிகமாக விரியும். கண்ணுக்குத் தெரியாத விரிவுதான். ஆனால் நான்கு நிறத்தையும் ஒரே ஓட்டத்தில் போடாமல் இரண்டு ஓட்டமாகப் போடும்போது, முதல் ஓட்டத்துக்கும் இரண்டாம் ஓட்டத்துக்கும் நடுவில் தாள் விரிந்திருந்தால் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று உட்காராது. ரிஜிஸ்டர் விலகிவிடும். அம்மன் முகத்தில் மூக்குத்தி ஓரமாகச் சிவப்பு ஒரு கோடு தனியே தெரிந்தால் அதுதான் அடையாளம். ஈரக் காற்றில் மையும் சீக்கிரம் காயாது. அடுக்கிய தாளில் மேல் தாளின் முதுகில் கீழ்த் தாளின் மை ஒட்டும்.

மழை பிடித்துக்கொண்ட அந்த வாரம் மெஷின் அண்ணாச்சி செய்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். ரீமைப் பிரித்து வைக்க யாரையும் விடவில்லை. மெஷினுக்குத் தேவையான அளவு மட்டும் உறை கிழித்தார். முதல் ஓட்டம் முடிந்த அடுக்கைப் பாலித்தீனால் போர்த்தினார். அடுக்கின் உயரத்தைக் குறைத்தார், பாரம் குறைந்தால் மை ஒட்டுவது குறையும் என்பதால். பவுடர் தெளிப்பைக் கொஞ்சம் கூட்டினார். ஒவ்வொரு சில நூறு தாளுக்கும் ஒன்றை உருவி, லென்ஸை ரிஜிஸ்டர் குறியின்மேல் வைத்துக் குனிந்தார். நான்கு நிறக் கூட்டல் குறிகளும் ஒரே குறியாகத் தெரிந்தால் தலையை மட்டும் ஆட்டுவார். தெரியாவிட்டால் கை அதற்குள் கன்சோல் பொத்தானுக்குப் போயிருக்கும். வெளியே மழையைப் பார்த்து, "நல்லா பெய்யட்டும், கண்மாய் நிறையட்டும். நாம நம்மளப் பார்த்துக்குவோம்" என்றார். விவசாயிக்கும் அச்சுக்காரருக்கும் ஒரே நேரத்தில் நல்லது நினைக்கிற அந்த மனசுக்கு வணக்கம், அண்ணாச்சி.

அச்சாகி வெட்டிய தாள்கள் பைண்டிங்குக்குப் போகின்றன. வரிசையாக அடுக்கி, பின் அடித்து, மேலே தகரப் பட்டை ஏற்றி, அட்டையில் பொருத்துவார்கள். இங்கே ஒரு தாள் தவறினால், வாங்கியவர் வீட்டில் ஒரு நாளே காணாமல் போகும். ஒவ்வொரு கட்டையும் முதலிலிருந்து கடைசிவரை எண்ணிப் பார்க்க நேரம் கிடையாது. பைண்டிங் மதினி கட்டையைச் சாய்த்து, கட்டைவிரலால் ஓரத்தை விசிறிவிடுவார். கறுப்பு, கறுப்பு என்று ஓடுகிற தேதிகளுக்கு நடுவே ஞாயிற்றுக்கிழமைச் சிவப்பு சீரான தாளத்தில் மின்னிக்கொண்டு போகும். நடுவில் பண்டிகைச் சிவப்பும் வரும். அது எங்கெங்கே வரும் என்று அவருக்கு மனப்பாடம். தாளம் தட்டினால் விரல் அங்கேயே நின்றுவிடும். ஒருநாள் ஒரு கட்டை விசிறிக்கொண்டிருந்தவர், ஓரிடத்தில் நிறுத்தி இரண்டு தாளை நீவிப் பிரித்தார். ஒரே தேதி இரண்டு முறை இருந்தது. "இந்த வீட்டுக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் கூடக் கிடைச்சிருக்கும்" என்று சொல்லிக்கொண்டே அந்த அடுக்கு முழுவதையும் தனியே எடுத்து வைத்தார். பிரித்துப் பார்த்ததில் அந்த வரிசையில் வேறு சில கட்டைகளிலும் அதே இரட்டைத் தாள் இருந்தது.

கடைசியாகப் பெயர் அச்சு. அட்டையின் அடியில் மளிகைக்கடை, நகைக்கடை, பாத்திரக்கடை என்று ஆர்டர் கொடுத்தவர் பெயரும் விலாசமும் போன் நம்பரும் வரும். வாங்குகிறவருக்குப் பஞ்சாங்கத்தைவிட இந்த இரண்டு வரிதான் உயிர். ஒரு வருஷம் முழுக்க அந்த நம்பரைப் பார்த்துத்தான் வாடிக்கையாளர்கள் அழைப்பார்கள். இந்தப் பிரிவில் இருக்கும் தம்பி இந்த ஆண்டு ஒரு பழக்கத்தைக் கொண்டு வந்தார். ஆர்டர் ஃபாரத்தைப் பார்க்காமல், புரூப்பில் அடித்திருக்கும் எண்ணைப் பார்த்துத் தன் போனில் அழுத்துவார். எடுப்பவர் கடைப் பெயரைச் சொன்னால் பிளேட் போகும். ஒருமுறை ஜவுளிக்கடை எண்ணை அழுத்தியதற்கு வேறு ஊரில் ஓர் ஆசிரியர் எடுத்தார். பார்த்தால் ஃபாரத்திலேயே ஓர் இலக்கம் மாறியிருந்தது. புரூப்பை ஃபாரத்தோடு எத்தனை முறை ஒப்பிட்டாலும் அது பிடிபட்டிருக்காது. ஜவுளிக்கடைக்காரர் நெகிழ்ந்துபோய்த் தம்பிக்கு ஒரு சட்டைத் துணி அனுப்பினார். அந்த ஆசிரியரும், அவர் கேட்டபடி ஒரு முருகன் படக் காலண்டர் போய்ச் சேர்ந்ததும், அழைத்து நன்றி சொன்னார்.

ஒரு தாளின் பின்னால் நடந்து வந்ததில் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது இதுதான். ஒருவர் பார்த்ததையே இன்னொருவர் திரும்பப் பார்ப்பதால் நம் காலண்டர் சரியாக வருவதில்லை. அக்கா நட்சத்திரத்தின் வழியே பார்க்கிறார், அண்ணாச்சி லென்ஸின் வழியே, மதினி விரலின் வழியே, தம்பி காதின் வழியே. ஒவ்வொருவரும் வேறு வேறு பக்கமிருந்து ஒரே தேதியைத் தொடுகிறார்கள். ஒருவர் பார்க்க முடியாத இடம் இன்னொருவருக்கு நேர் எதிரே இருக்கிறது. நம்மில் யாரும் மற்றவருடைய வேலையைச் செய்துவிட முடியாது. அதனால்தான் ஒருவரை ஒருவர் நம்ப முடிகிறது.

இரவு ஷிஃப்டு நாட்களில் சூடாகச் சோறு அனுப்பிய வீட்டாருக்கும், கார்த்திகை மழையில் நனையாமல் பார்சலைப் போர்த்தி ஏற்றிய லோடுமேன் அண்ணன்களுக்கும், பதினொரு மணி டீயையும் நாலு மணி டீயையும் ஒருநாளும் தவறவிடாத டீக்கடை மாமாவுக்கும் நம் எல்லோர் சார்பிலும் நன்றி. உங்கள் எல்லோருக்கும் உரிய 2026 காலண்டர்கள் ஆபீஸ் மேஜையில் பெயர் எழுதிக் கட்டி வைத்திருக்கின்றன. வீட்டுக்கு ஒன்று, மாமியார் வீட்டுக்கு ஒன்று என்று கேட்டவர்களுக்குக் கேட்டபடியே இருக்கிறது. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பொங்கல் நாலு நாள் விடுமுறையையும் ஆளாளுக்கு ஊரோடு, உறவோடு இருந்துவிட்டு வாருங்கள். அதற்குள் யாராவது 2027 தீபாவளி என்ன கிழமை என்று கேட்டால், ஆடிப்பெருக்குக்கு வந்து ஆல்பத்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.